பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை: தோன்றும் நேரமும் சிகிச்சை எல்லைகளும்

பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை என்பது பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்னும் நிறமி கூடுவதால் தோலும் கண் வெண்விழியும் மஞ்சளாகும் நிலை ஆகும். பிலிருபின் அளவு ஏறத்தாழ 5 மி.கி./டெசிலிட்டரைத் தாண்டும்போது மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் இது தோன்றுகிறது. பெரும்பாலானோருக்குச் சிகிச்சை இன்றியே மறைகிறது. சிலருக்கு மட்டும் அளவு மிகவும் உயர்ந்து மூளையின் அடிக்கருக்களில் பிலிருபின் படிகிறது. அவ்வாறு ஏற்படும் நிலையான பாதிப்பு கெர்னிக்டெரஸ் எனப்படும். அசைவுக் கோளாறுடன் கூடிய மூளை முடக்குவாதம், செவித்திறன் இழப்பு, கண்ணை மேல்நோக்கி உயர்த்த இயலாமை ஆகியன அதன் விளைவுகள்.

குழந்தை மருத்துவத் தேர்வுகளில் இப்பொருளில் வரும் நேர்வு வினாக்கள் பெரும்பாலும் ஒரு பிலிருபின் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கின்றன. அந்த எண்ணை மட்டும் வைத்து விடை கூற இயலாது. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே காரணத்தையும் சிகிச்சை எல்லையையும் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை 14 மி.கி./டெசிலிட்டர் என்ற ஒரே அளவு கொண்ட மூன்று குழந்தைகளை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறது. மூன்றும் திருவண்ணாமலை மாவட்டப் பின்னணியில் தேர்வுப் பயிற்சிக்காக அமைக்கப்பட்ட நேர்வுகள். உண்மை நோயாளிகள் அல்லர். இனி வரும் பிலிருபின் அளவுகள் அனைத்தும் மி.கி./டெசிலிட்டரில் தரப்பட்டுள்ளன.

## நேரம் ஏன் காரணத்தைக் காட்டுகிறது

சிவப்பணு சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் உண்டாகிறது. இது நீரில் கரையாதது. இரத்தத்தில் அல்புமின் புரதத்துடன் ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே ஒரு நொதி இதனைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து நீரில் கரையும் வடிவமாக மாற்றுகிறது. இணைக்கப்படாத வடிவம் மறைமுக பிலிருபின் என்றும், இணைக்கப்பட்ட வடிவம் நேரடி பிலிருபின் என்றும் ஆய்வகத் தாளில் குறிக்கப்படுகின்றன. மூளைக்குள் செல்லக்கூடியது மறைமுக வடிவமே.

பிறந்த குழந்தையிடம் மூன்று குறைகள் ஒன்றுசேர்கின்றன. முதலாவதாக, அதன் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆயுளில் குறைவு. எனவே உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் பெரியவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு பிலிருபின் உற்பத்தியாகிறது. இரண்டாவதாக, கல்லீரல் நொதியின் செயல்திறன் முதல் சில நாட்களில் மிகக் குறைவு. மூன்றாவதாக, குடலுக்கு வந்த பிலிருபின் மலத்தோடு வெளியேறாமல் மறுபடி உறிஞ்சப்படுகிறது. பால் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கு மலம் கழிவது தாமதமாவதால் இந்த மறு உறிஞ்சல் கூடுகிறது.

கருவில் இருக்கும்வரை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் கல்லீரல் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. தொப்புள்கொடி வெட்டப்பட்ட பின்னரே பிலிருபின் சேரத் தொடங்குகிறது. மேற்சொன்ன மூன்று குறைகளால் மட்டும் அளவு 24 மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியுமளவு உயர்வது வழக்கமல்ல. எனவே முதல் நாளிலேயே குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் உற்பத்தி இயல்பைவிடப் பல மடங்கு நடக்கிறது என்று பொருள். அதாவது சிவப்பணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. முதல் 24 மணி நேர மஞ்சள் காமாலையை எப்போதும் நோயாகவே கருத வேண்டும் என்ற விதி இதிலிருந்து வருகிறது.

இதன்படி காரணங்கள் மூன்று காலப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன.

* 24 மணி நேரத்துக்குள்: ஆர்.எச். ஒவ்வாமை, ஏ.பி.ஓ. ஒவ்வாமை, ஜி6பிடி நொதிக் குறைபாடு, பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய், கருவிலேயே ஏற்பட்ட தொற்று.
* 24 மணி முதல் 72 மணி வரை: இயல்பு மஞ்சள் காமாலை, போதிய தாய்ப்பால் கிடைக்காமை, தலையில் இரத்தக் கட்டி, சிவப்பணு மிகைப்பு, மிதமான இரத்தச் சிதைவும் இப்போது வெளிப்படலாம்.
* 72 மணி நேரத்துக்குப் பின்: இரத்தத் தொற்று, தாய்ப்பால் மஞ்சள் காமாலை, தைராய்டு குறைபாடு, கல்லீரல் அழற்சி, பித்தநாளச் சிதைவு, காலக்டோசீமியா போன்ற வளர்சிதை நோய்கள்.

இயல்பு மஞ்சள் காமாலை நிறைமாதக் குழந்தையில் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தோன்றி, 3 முதல் 5 நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் மறையும். இந்தக் கால வரிசையை மீறும் எதுவும் இயல்பு அல்ல.

## சிகிச்சை எல்லை அட்டவணை

போட்டோதெரபி எனப்படும் ஒளிச்சிகிச்சையும், இரத்தப் பரிமாற்றமும் எப்போது தேவை என்பதற்கு மணிக்கணக்கு வரைபடங்கள் பயன்படுகின்றன. 35 வாரமோ அதற்கு மேலோ கருவில் வளர்ந்த குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2004இல் வெளியிட்ட வரைபடமே இந்தியத் தேர்வுகளில் நீண்ட காலமாகப் பழகிய ஒன்று. அதிலிருந்து எடுத்த தோராய எண்கள் வருமாறு.

| வயது | ஒளிச்சிகிச்சை: குறைந்த ஆபத்து | ஒளிச்சிகிச்சை: நடுத்தர ஆபத்து | பரிமாற்றம்: குறைந்த ஆபத்து | பரிமாற்றம்: நடுத்தர ஆபத்து |
|---|---|---|---|---|
| 24 மணி | 12 | 10 | 19 | 16.5 |
| 48 மணி | 15 | 13 | 22 | 19 |
| 72 மணி | 18 | 15 | 24 | 21 |
| 96 மணி | 20 | 17 | 25 | 22.5 |

குறைந்த ஆபத்து என்பது 38 வாரம் நிறைந்த, நலமான குழந்தை. நடுத்தர ஆபத்து என்பது 38 வாரம் நிறைந்தும் ஆபத்துக் காரணி உள்ள குழந்தை, அல்லது 35 முதல் 37 வாரம் வரையிலான நலமான குழந்தை. 35 முதல் 37 வாரக் குழந்தைக்கு ஆபத்துக் காரணியும் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். இரத்தச் சிதைவு நோய், ஜி6பிடி குறைபாடு, பிறப்பின்போது மூச்சுத்திணறல், இரத்தத் தொற்று, சோர்வு, உடல் வெப்பம் நிலைகொள்ளாமை, அமிலத்தேக்கம், 3.0 கிராமுக்குக் குறைவான அல்புமின் ஆகியவை ஆபத்துக் காரணிகள். இவை இருந்தால் குறைந்த அளவு பிலிருபினே மூளைக்குள் நுழைந்துவிடலாம் என்பதால் எல்லை குறைக்கப்படுகிறது.

இதே கழகம் 2022இல் வழிகாட்டுதலைத் திருத்தியபோது ஒளிச்சிகிச்சை எல்லைகள் சற்றே உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு கரு வாரத்துக்கும் தனிக் கோடு தரப்பட்டது. விடை எழுதும் மாணவர் எந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறார் என்பதைக் குறிப்பிடுவது நல்லது. எல்லையுடன் ஒப்பிடும்போது மொத்த பிலிருபினையே எடுக்க வேண்டும்; அதிலிருந்து நேரடி அளவைக் கழிக்கக் கூடாது.

## முதல் குழந்தை: 20 மணி நேரத்தில் 14

செங்கத்தைச் சேர்ந்த தாய், இரண்டாம் பிரசவம். தாயின் இரத்த வகை ஓ நெகட்டிவ். முதல் பிரசவத்துக்குப் பின் ஆன்டி-டி ஊசி போடப்படவில்லை. குழந்தை 38 வாரம், 2.8 கிலோ, ஓ பாசிட்டிவ். தொப்புள்கொடி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம், பிலிருபின் 4, நேரடி கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவ். 20ஆம் மணி நேரத்தில் பிலிருபின் 14.

முதல் பிரசவத்தின்போது குழந்தையின் ஆர்.எச். பாசிட்டிவ் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகியிருக்கின்றன. இம்முறை அவை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தால் இது பெரும்பாலும் நேர்ந்திருக்காது.

இங்கே முதலில் கணக்கிட வேண்டியது ஏற்ற வேகம். 20 மணி நேரத்தில் 4இலிருந்து 14 ஆகியிருக்கிறது. அதாவது மணிக்கு 0.5. முதல் 24 மணி நேரத்தில் மணிக்கு 0.3க்கு மேலோ, அதன் பின் மணிக்கு 0.2க்கு மேலோ ஏறினால் இரத்தச் சிதைவு நடப்பதாகக் கொள்ளலாம். தாயின் இரத்த வகை தெரியாத நேர்விலும் இந்த வேகமே காரணத்தைச் சுட்டிவிடும்.

அடுத்து எல்லை. 38 வாரக் குழந்தை என்றாலும் ஆர்.எச். ஒவ்வாமை இருப்பதால் நடுத்தர ஆபத்து வரிசை பொருந்தும். 24 மணி நேரத்துக்கான ஒளிச்சிகிச்சை எல்லை 10. எனவே ஒளிச்சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். பரிமாற்ற எல்லை 20 மணி நேரத்தில் ஏறத்தாழ 16. குழந்தை அதற்கு 2 மட்டுமே கீழே உள்ளது. 2022 வழிகாட்டுதல்படி பரிமாற்ற எல்லைக்கு 2 குறைவான அளவை எட்டியதுமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, இரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, இரத்தத்தை ஆயத்தம் செய்ய வேண்டும். எல்லையைத் தொட்ட பின் இரத்தம் கேட்கத் தொடங்கினால் பொருத்தம் பார்த்து வருவதற்குள் சில மணி நேரம் கடந்துவிடும். அதற்குள் இக்குழந்தைக்கு மேலும் 2 அல்லது 3 ஏறிவிடும்.

தீவிர ஒளிச்சிகிச்சையின் கீழ் 4 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கும்போது அளவு 16.8. ஏற்றம் மணிக்கு 0.7. 24ஆம் மணி நேரப் பரிமாற்ற எல்லையான 16.5ஐ இது தாண்டிவிட்டது. ஒளிச்சிகிச்சை நடக்கும்போதே வேகம் கூடியும் உள்ளது. இப்போது இரத்தப் பரிமாற்றம் தேவை.

### இரத்தப் பரிமாற்றம் செய்யும் முறை

எக்ஸ்சேஞ்ச் டிரான்ஸ்ஃபியூஷன் எனப்படும் இம்முறையில் குழந்தையின் இரத்தம் சிறிது சிறிதாக எடுக்கப்பட்டு, அதே அளவு கொடையாளர் இரத்தம் செலுத்தப்படுகிறது. பிலிருபின் மட்டுமின்றி, பிறபொருளெதிரி பூசிய சிவப்பணுக்களும் பிறபொருளெதிரிகளின் ஒரு பகுதியும் வெளியேறுகின்றன. ஒளிச்சிகிச்சையால் செய்ய முடியாதது இதுவே.

நிறைமாதக் குழந்தையின் மொத்த இரத்தம் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. அதன் இரு மடங்கு மாற்றப்படுகிறது. 2.8 கிலோ குழந்தைக்கு 2.8 × 160 = 448; ஏறத்தாழ 450 மி.லி. 2 முதல் 3 கிலோ எடையில் ஒரு முறைக்கு 15 மி.லி. எடுத்துச் செலுத்துவது வழக்கம். எனவே 30 சுற்றுகள் வேண்டும். சுற்றுக்கு 3 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். இது பொதுவாகத் தொப்புள் சிரை வழியாகச் செய்யப்படுகிறது.

ஆர்.எச். ஒவ்வாமைக்கு ஓ நெகட்டிவ் இரத்தம், தாயின் இரத்தத்துடன் பொருத்தம் பார்த்து, ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏ.பி.ஓ. ஒவ்வாமையாக இருந்தால் ஓ வகைச் சிவப்பணுக்களை ஏபி வகைப் பிளாஸ்மாவில் கலந்து தர வேண்டும்; ஆர்.எச். வகை குழந்தைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். தேர்வில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவது பொதுவான பிழை.

இரு மடங்கு பரிமாற்றத்தில் குழந்தையின் சிவப்பணுக்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் மாற்றப்பட்டுவிடும். ஆனால் பிலிருபின் ஏறத்தாழ பாதிதான் குறையும். திசுக்களில் தேங்கியிருந்த பிலிருபின் இரத்தத்துக்குத் திரும்புவதால், சில மணி நேரத்தில் அளவு மறுபடி உயர்ந்து, பரிமாற்றத்துக்கு முந்திய அளவில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கலாம். எனவே பரிமாற்றம் முடிந்ததும் ஒளிச்சிகிச்சையைத் தொடர வேண்டும்.

சேமிப்பு இரத்தத்திலுள்ள சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் கால்சியக் குறைவு ஏற்படலாம். பழைய இரத்தத்தால் பொட்டாசியம் உயரும். தட்டணுக்கள் குறைதல், தொற்று, குடல் அழுகல் நோய், மூச்சு நிற்றல் ஆகியவையும் நேரலாம். இந்த ஆபத்துகள் காரணமாகவே ஒளிச்சிகிச்சைக்கு முதலிடம் தரப்படுகிறது.

பிலிருபின் எண்ணைப் பாராமல் பரிமாற்றம் செய்ய வேண்டிய நிலை ஒன்று உண்டு. மூளை பாதிப்பின் அறிகுறி தெரிந்தால் அளவு இறங்கிக்கொண்டிருந்தாலும் உடனே செய்ய வேண்டும். தொடக்கத்தில் குழந்தை சோர்ந்து, சப்பும் வலு குறைந்து, தசைகள் தளர்ந்திருக்கும். அடுத்து கீச்சுக்குரலில் அழும். கழுத்தும் முதுகும் பின்னோக்கி வில்லாக வளையும். காய்ச்சலோ வலிப்போ வரலாம்.

## இரண்டாம் குழந்தை: 60 மணி நேரத்தில் 14

ஜவ்வாதுமலையில் ஜமுனாமரத்தூர் பகுதியைச் சேர்ந்த தாய், முதல் பிரசவம். தாய்க்கும் குழந்தைக்கும் பி பாசிட்டிவ். குழந்தை 39 வாரம், 3 கிலோ. 48 மணி நேரத்துக்குப் பின்னரே மஞ்சள் தெரிந்தது. 60ஆம் மணி நேரத்தில் பிலிருபின் 14. எடை 8 விழுக்காடு குறைந்துள்ளது. நாளுக்கு ஆறு முறை மட்டுமே பால் குடிக்கிறது.

அட்டவணையில் குறைந்த ஆபத்து வரிசையில் 48 மணிக்கு 15, 72 மணிக்கு 18. இடைப்பட்ட 60 மணிக்கு ஏறத்தாழ 16.5. குழந்தை எல்லைக்குக் கீழே உள்ளது, ஒளிச்சிகிச்சை தேவையில்லை. முதல் குழந்தைக்கு இரத்த வங்கியை அழைக்கச் செய்த அதே எண் இங்கே தாய்ப்பால் புகட்டுவதைச் சீராக்கினால் போதும் என்று காட்டுகிறது. நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். குழந்தை மார்பகத்தைச் சரியாகப் பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப் பால் போன்றவை பிலிருபினைக் குறைப்பதில்லை. அவை தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தொற்றுக்கும் வழி செய்கின்றன.

ஆனால் எல்லைக்கு 2.5 மட்டுமே கீழே இருப்பதால் இக்குழந்தையின் அளவை அடுத்த ஒரு நாளுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இங்கே ஊர் கணக்கில் வருகிறது. பிலிருபின் உச்சமடையும் 3 முதல் 5ஆம் நாளுக்குள் சுகப்பிரசவம் ஆன தாய் வீடு திரும்பிவிடுகிறார். மலைக் கிராமத்திலிருந்து மறுநாளே இறங்கி வருவது உறுதியில்லை என்றால், இன்னொரு நாள் மருத்துவமனையிலேயே வைத்து அளவை மீண்டும் பார்ப்பதே சரியான முடிவு. 2022 வழிகாட்டுதலும், எல்லைக்கு 2 வரை குறைவாக இருக்கும்போதே தேவை கருதி ஒளிச்சிகிச்சை தொடங்க இடம் தருகிறது. இந்தியாவின் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுப் பார்வைகள் உள்ளன. 3ஆம் நாள் பார்வை மஞ்சள் காமாலைக்கு மிக முக்கியமானது.

இதே குழந்தை 36 வாரத்தில் பிறந்திருந்தால் விடை மாறும். நடுத்தர ஆபத்து வரிசையில் 60 மணிக்கான எல்லை 13க்கும் 15க்கும் இடையே, ஏறத்தாழ 14. ஒளிச்சிகிச்சை தொடங்க வேண்டும். 36 வாரத்தோடு ஜி6பிடி குறைபாடும் இருந்தால் எல்லை ஏறத்தாழ 12. குழந்தை ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது.

ஜி6பிடி குறைபாடு பற்றி இங்கே ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்பட வேண்டும்: குழந்தைக்குப் போர்த்திய துணி அந்துருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து எடுத்ததா? அந்துருண்டையிலுள்ள நாப்தலீன், இக்குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களைத் திடீரெனச் சிதைக்கும். இக்குறைபாடு எக்ஸ் நிறப்புரி வழி வருவதால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். சிதைவு நடக்கும் நேரத்தில் எடுத்த ஜி6பிடி சோதனை இயல்பு என்று வரலாம். பழைய அணுக்கள் சிதைந்து, நொதி மிகுந்த இளம் அணுக்கள் எஞ்சுவதே காரணம். சந்தேகம் இருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும்.

### தோலைப் பார்த்து மதிப்பிடலாமா

மஞ்சள் நிறம் முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று இறங்கி, கடைசியில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் அடைகிறது. 1969இல் கிரேமர் விவரித்த இவ்விதி தேர்வில் கேட்கப்படுகிறது. உள்ளங்கால் மஞ்சளானால் அளவு 15ஐத் தாண்டியிருக்கலாம் என்று எச்சரிக்கையாகக் கொள்ளலாம். ஆனால் மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் கண் மதிப்பீடு எளிதில் தவறும். ஒளிச்சிகிச்சையில் உள்ள குழந்தையின் தோல் வெளுத்துவிடுவதால் அங்கே இது பயன்படாது. சிகிச்சை முடிவுக்கு இரத்த அளவே அடிப்படை.

## ஒளிச்சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956இல் ஜீன் வார்டு என்னும் செவிலியர், வெயிலில் வைக்கப்பட்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் குறைவதைக் கவனித்தார். அங்கிருந்த ரிச்சர்டு கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்து, 1958இல் ஒளிச்சிகிச்சையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். காலை வெயிலில் காட்டும் நம் வழக்கமும் முற்றிலும் பொருளற்றது அல்ல. ஆனால் வெயிலில் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. குழந்தை குளிர்ந்தோ சூடேறியோ போகலாம். புறஊதாக் கதிரும் படும். எனவே எல்லையைத் தாண்டிய குழந்தைக்கு வெயில் சிகிச்சை ஆகாது.

460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, தோலிலுள்ள பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது. லூமிரூபின் முதலான புதிய வடிவங்கள் நீரில் கரைவதால், கல்லீரல் இணைப்புக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகின்றன. கல்லீரல் நொதி முதிரும்வரை ஒளி அதன் வேலையைச் செய்கிறது எனலாம்.

தீவிர ஒளிச்சிகிச்சைக்குக் குழந்தையின் மேல் விழும் ஒளிச்செறிவு, ஒரு நானோமீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. பழைய குழல் விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் செறிவு குறைந்திருக்கலாம். கண்களை மூடி, சிறு அணையாடை மட்டும் விட்டு, மற்ற உடல் முழுதும் ஒளி படச் செய்ய வேண்டும். பாலூட்ட எடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அளவு பரிமாற்ற எல்லையை நெருங்கியிருந்தால் மட்டும் விளக்கின் கீழிருந்து எடுக்காமல் பால் புகட்டலாம்.

பரிமாற்ற எல்லையை நெருங்கிய குழந்தைக்கு 4 மணி நேரத்துக்குள்ளாகவும், மற்றவர்களுக்கு 12 மணி நேரம் அளவிலும் மறுசோதனை செய்ய வேண்டும். அளவு இறங்காவிட்டால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். விளக்கின் செறிவு, தூரம், ஒளி படும் பரப்பு சரியாக உள்ளனவா? அவை சரியென்றால் இரத்தச் சிதைவு தொடர்கிறதா? ஒளிச்சிகிச்சை தொடங்கிய நேரத்து எல்லைக்கு 2 கீழே அளவு இறங்கியதும் நிறுத்தலாம். இரத்தச் சிதைவு உள்ள குழந்தைக்கு நிறுத்திய பின் அளவு மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

## மூன்றாம் குழந்தை: 20ஆம் நாளில் 14

போளூரைச் சேர்ந்த குழந்தை, நிறைமாதம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது. 20 நாள் ஆகியும் மஞ்சள் போகவில்லை. மொத்த பிலிருபின் 14. இது எந்த ஒளிச்சிகிச்சை எல்லையையும் தொடவில்லை. ஆனால் நிறைமாதக் குழந்தையில் 14 நாளையும், குறைமாதக் குழந்தையில் 21 நாளையும் தாண்டிய மஞ்சள் காமாலை நீடித்த மஞ்சள் காமாலை ஆகும். இங்கே கேட்க வேண்டியது மொத்த அளவு எவ்வளவு என்பது அன்று, அதில் நேரடி பிலிருபின் எவ்வளவு என்பதே.

நேரடி அளவு 0.6 என்று வந்தால், குழந்தை நன்றாக எடை கூடி, மலம் மஞ்சளாகவும் சிறுநீர் நிறமற்றும் இருந்தால், தாய்ப்பால் மஞ்சள் காமாலையாக இருக்க வாய்ப்பு அதிகம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று, இரத்தச் சிதைவு ஆகியவை இல்லை என்று உறுதி செய்தால் போதும். இது சில வாரங்களில் தானே மறையும்.

நேரடி அளவு 6 என்று வந்தால் கதை வேறு. நேரடி பிலிருபின் 1க்கு மேல் இருந்தாலே பித்தம் வெளியேறுவதில் தடை உள்ளதா என ஆராய வேண்டும். மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டும் இருந்தால் பித்தநாளச் சிதைவு நோயை முதலில் நினைக்க வேண்டும். இந்நோயில் கல்லீரலுக்கு வெளியேயுள்ள பித்தநாளங்கள் அழற்சியால் அடைபட்டுவிடுகின்றன. குடலைக் கல்லீரலுடன் இணைக்கும் கசாய் அறுவைச் சிகிச்சை 60 நாட்களுக்குள் நடந்தால் பித்தம் வடியும் வாய்ப்பு அதிகம். அதன் பின் கல்லீரல் இறுகத் தொடங்குவதால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 20ஆம் நாளில் கண்டறிந்தால் சோதனைகளுக்கும், குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள வேலூர் அல்லது சென்னைக்கு அனுப்புவதற்கும் 40 நாட்கள் கையில் உள்ளன. வெயிலில் காட்டினால் போகும் என்றோ, கீழாநெல்லி கொடுக்கலாம் என்றோ காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.

இக்குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை உதவாது. நேரடி பிலிருபின் மிகுந்த குழந்தையை ஒளியில் வைத்தால் தோல் செம்பழுப்பாக மாறும் வெண்கலக் குழந்தை நிலை ஏற்படலாம்.

## தேர்வு விடையின் வரிசை

மூன்று நேர்வுகளுக்கும் பொருந்தும் வரிசை ஒன்றே. முதலில் குழந்தையின் வயதை மணிக்கணக்கில் எழுத வேண்டும். "இரண்டாம் நாள்" என்பது 25 மணியாகவும் இருக்கலாம், 47 மணியாகவும் இருக்கலாம். அடுத்து மூளை பாதிப்பின் அறிகுறி உள்ளதா என்று கூற வேண்டும். இருந்தால் நேரே பரிமாற்றம். பின்னர் கரு வாரமும் ஆபத்துக் காரணியும் கொண்டு வரிசையைத் தேர்ந்து, மொத்த பிலிருபினை எல்லையுடன் ஒப்பிட வேண்டும். இரண்டு அளவுகள் தரப்பட்டிருந்தால் ஏற்ற வேகத்தைக் கணக்கிட வேண்டும். இரு வாரம் கடந்த குழந்தையாக இருந்தால் நேரடி பிலிருபினும் மலத்தின் நிறமும் விடையில் இடம்பெற வேண்டும்.

தாய், குழந்தை இருவரின் இரத்த வகை, நேரடி கூம்ப்ஸ் சோதனை, ஹீமோகுளோபின், இரத்தப் பூச்சு, இளஞ்சிவப்பணு எண்ணிக்கை, ஜி6பிடி ஆகியவை இரத்தச் சிதைவை உறுதி செய்யும் சோதனைகள். இவற்றின் முடிவுக்காகக் காத்திருந்து ஒளிச்சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மாதிரி எடுத்ததும் விளக்கின் கீழ் வைத்துவிட வேண்டும்.